மாடியில் குழந்தை, சமையலறையில் மானிட்டர்: சில அறைகளில் மட்டும் சிக்னல் அறுந்தால் என்ன செய்வது?

மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது பேபி மானிட்டர் வாங்கினோம். அவள் தூங்குவது மாடி அறையில். பகல் முழுக்க எனக்கு வேலை கீழே. கேமரா மேலே, திரை என் கையில் என்பதுதான் திட்டம். கூடத்தில் திரையை வைத்தால் சிக்னல் கோடுகள் முழுதாக நின்றன. சமையலறைக்குள் நுழைந்ததும் பீப், பீப் என்று கத்திவிட்டுப் படம் போய்விடும். கணவர் வேலை செய்யும் சின்ன அறையிலும் அதே கதை. இதில் வேடிக்கை, சமையலறையையும் தாண்டிக் கொல்லையில் இருக்கும் துவைக்கிற கல்லுக்கு எடுத்துப் போனால் படம் பளிச்சென்று வந்தது. பக்கத்தில் வராத சிக்னல் தூரத்தில் எப்படி வரும்?

இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் திருப்பிக் கொடுக்கும் தேதியும் போய்விட்டது. கடைசியில் பார்த்தால் கருவியில் கோளாறே இல்லை. நீங்கள் இதை இரண்டு நாட்களில் முடித்துவிடலாம். கீழே இருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதலில் பில்லைத் தேடுங்கள்

சிக்னல் வேலையைத் தொடங்குவதற்கு முன்பு பில்லை எடுத்து, திருப்பிக் கொடுக்கக் கடைசி நாள் எது என்று பார்த்துக் காலண்டரில் குறித்துவிடுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால், பெரும்பாலும் பொருள் கையில் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கு. சில விற்பனையாளர்கள் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள், மாற்றுப் பொருள் மட்டுமே தருவார்கள். அதையும் இப்போதே படித்துவிடுங்கள். நம் பிரச்சினை வீட்டின் அமைப்பில் இருந்தால், மாற்றி வரும் கருவியும் அதே சமையலறையில் அதேபோல் அறுந்துபோகும். எனக்கு அப்படித்தான் ஆனது.

அட்டைப்பெட்டி, உள்ளே இருந்த தெர்மாகோல், கையேடு எதையும் எறியாதீர்கள். கேமராவின் அடியிலும் திரையின் பின்பக்கத்திலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களைப் படம் எடுத்து வையுங்கள். மாடல் பெயர், சீரியல் எண், அலைவரிசை எல்லாம் அதில்தான் இருக்கும்.

2. உங்களுடையது எந்த வகை?

வீட்டு வைஃபை ரௌட்டரை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். அப்போதும் படம் வந்தால், கேமராவும் திரையும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வகை. நின்றுவிட்டால், ரௌட்டர் வழியாகப் பேசும் வகை. என்னுடையது நேரடி வகை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுவது. திரையோடு சேர்ந்து வரும் வீடியோ மானிட்டர்களில் பெரும்பாலானவை இப்படித்தான். ரௌட்டர் வகை வைத்திருப்பவர்கள் 3 முதல் 5 வரை செய்துவிட்டு 8-க்குப் போங்கள்.

அமெரிக்காவிலிருந்து அண்ணியோ சித்தியோ வாங்கி வந்த மானிட்டர் என்றால் ஸ்டிக்கரை இருமுறை படியுங்கள். அடாப்டரில் 100–240 வோல்ட் என்று இல்லாமல் 120 வோல்ட் மட்டும் இருந்தால் நம் மின்சாரத்தில் செருகவே கூடாது. அங்கே விற்கும் சில மானிட்டர்கள் 1920–1930 மெகாஹெர்ட்ஸிலும், இன்னும் சில 902–928 மெகாஹெர்ட்ஸிலும் ஓடும். இந்தியாவில் முதலாவது முழுக்கவும், இரண்டாவதில் ஒரு பகுதியும் செல்போன் சேவைக்கு ஒதுக்கப்பட்டவை. இங்கே அந்தக் கருவியைப் பயன்படுத்துவது முறையும் இல்லை, ஒழுங்காக ஓடும் என்று நம்பவும் முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிக்கு இந்தச் சிக்கல் கிடையாது; அது இங்கே உரிமம் தேவைப்படாத அலைவரிசை.

3. உண்மையிலேயே அறுந்துதான் போகிறதா?

இரண்டு போலிக் கோளாறுகள் உண்டு. இவற்றை முதலில் கழித்துவிடுங்கள்.

ஒன்று, அறை அமைதியாக இருந்தால் திரை தானாக அணைந்துகொள்ளும் வசதி. குழந்தை சத்தம் போட்டால்தான் விழிக்கும். கையேட்டில் `VOX` என்றோ `ECO` என்றோ இருக்கும். திரை இருண்டிருக்கும்போது மேலே யாரையாவது கைதட்டச் சொல்லுங்கள். திரை விழித்துக்கொண்டால் தொடர்பு அறவில்லை, தூங்கியது மட்டும்தான். சோதனை முடியும்வரை இந்த வசதியை அணைத்து வையுங்கள்.

மற்றொன்று அடாப்டர். கேமராவோடு வந்ததை விட்டுவிட்டு, வீட்டில் கிடக்கும் பழைய செல்போன் சார்ஜரைச் செருகியிருப்போம். பகலில் ஓடும். இருட்டியதும் கேமரா தன் அகச்சிவப்பு விளக்குகளைப் போட, அதற்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்பட, சார்ஜர் தாங்காமல் கேமரா அணைந்து மறுபடி எழும். பார்ப்பதற்கு அப்படியே சிக்னல் கோளாறு போல இருக்கும். வித்தியாசம் இதுதான்: எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் அறும், ராத்திரியில் மட்டும் அறும், மேலே போய்ப் பார்த்தால் கேமராவின் சின்ன விளக்கு அணைந்து எரியும். சொந்த அடாப்டரைப் போட்டாலே தீர்ந்தது.

4. ஒரு தாளோடு வீட்டைச் சுற்றுங்கள்

இந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் செலவழிக்காமல் விட்டேன். மூன்று வாரம் போனதற்கு அதுவே காரணம்.

திரையின் பேட்டரி முழுதாக ஏறியிருக்கட்டும். கேமராவை வழக்கமான இடத்திலேயே விட்டு, பக்கத்தில் ரேடியோவைப் போட்டுவிடுங்கள். சத்தம் தொடர்ந்து வந்தால்தான் எங்கே அறுகிறது என்று காதிலேயே தெரியும். ஒவ்வோர் அறையிலும், நீங்கள் வழக்கமாகத் திரையை வைக்கும் இடத்தில் அதை வைத்து, இரண்டு நிமிடம் காத்திருந்து, எத்தனை கோடு, எத்தனை முறை அறுந்தது என்று எழுதுங்கள். கையில் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள். நம் உடம்பே சிக்னலைக் குடிக்கும். நாம் திரும்பி நிற்பதற்கேற்பக் கோடு மாறும்.

எங்கள் வீட்டில் அம்மா மேலே உட்கார்ந்துகொண்டாள். "கேக்குதாடி?" என்று மாடியிலிருந்து குரல் வரும். "இல்லம்மா, போயிருச்சு" என்று நான் கீழிருந்து கத்துவேன். ரேடியோவே வேண்டியிருக்கவில்லை.

இதை மூன்று வேளை செய்யுங்கள்: காலை சமையல் நேரம், மதியம் வீடு அடங்கிய நேரம், இரவு எட்டு மணிக்கு மேல். எனக்குக் கிடைத்தது இது. கூடம்: மூன்று வேளையும் நான்கு கோடு. கொல்லை: மூன்று வேளையும் மூன்று கோடு. சமையலறை: எப்போதும் ஒரே கோடு, காலையில் அடிக்கடி அறுந்தது, மதியம் ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை. கணவரின் அறை: காலை மூன்று, மதியம் பூஜ்யம், இரவு மூன்று.

எந்த வேளை அளந்தாலும் கோடு குறைவாகவே இருந்தால் காரணம் இடம்: சுவர், தளம், இரும்பு. ஒரே இடத்தில் ஒரு வேளை நன்றாகவும் இன்னொரு வேளை மோசமாகவும் இருந்தால் காரணம் இடைஞ்சல்: அந்த நேரத்தில் ஓடும் வேறு ஏதோ கருவி. என் சமையலறையில் இரண்டும் சேர்ந்திருந்தன. இடத்தால் ஏற்கெனவே மெலிந்த சிக்னலை, காலையில் ஏதோ ஒன்று முழுதாக அமுக்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு சின்னச் சோதனை. மோசமான இடத்தில் திரையை இரண்டு விரல் அகலம் நகர்த்திப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் பள்ளங்கள் அறைக்குள் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்று என்று விழும். சரியாக அப்படி ஒரு பள்ளத்தில் திரை உட்கார்ந்திருந்தால், இரண்டு விரல் நகர்த்தினாலே இரண்டு கோடு ஏறும். ஏறினால் அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு மேலே படிக்காமல் போகலாம்.

5. கேமராவுக்கும் திரைக்கும் நடுவே கோடு போடுங்கள்

பெட்டியில் 300 மீட்டர் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அது தடையே இல்லாத திறந்தவெளிக் கணக்கு. வீட்டுக்குள் தூரத்தைவிட, நடுவில் என்ன நிற்கிறது என்பதுதான் முக்கியம். வீட்டுப் பிளான் இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் தாளில் குத்துமதிப்பாக வரையுங்கள். பக்கவாட்டு வெட்டாகவும் ஒன்று வேண்டும்: மேலே மாடி, கீழே தரைத்தளம். கேமராவிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஸ்கேலால் கோடு இழுங்கள்.

என் கோடுகள் சொன்னது இதுதான். கூடம் குழந்தை அறைக்கு நேர் கீழே. கோடு கான்கிரீட் தளத்தை ஒரே ஒரு முறை, செங்குத்தாகக் கடக்கிறது. கொல்லைக்குப் போகும் கோடு மாடி ஜன்னல் வழியாக வெளியே வந்து காற்றில் இறங்குகிறது. தளமும் இல்லை, சுவரும் இல்லை. அதனால்தான் தூரமாக இருந்தும் படம் பளிச்சென்று வந்தது. சமையலறைக்கு முப்பது அடி பக்கவாட்டில், பத்து அடி கீழே. கோடு தளத்தைச் சாய்வாக வெட்டுகிறது.

இந்தச் சாய்வுதான் பெரிய வில்லன். ஜன்னல் கிராதியை நேராகப் பார்த்தால் மறுபக்கம் தெரியும். ஓரமாக நின்று சாய்த்துப் பார்த்தால் கம்பிகள் நெருங்கி அடைத்துக்கொள்ளும். தளத்துக்குள் இருக்கும் கம்பி வலையும் அலைக்கு அப்படித்தான். அதன் கண் ஐந்தாறு அங்குலம். அலையின் நீளமும் கிட்டத்தட்ட அதே அளவு. போதாததற்கு, சாய்வாக வந்து படும் அலையில் பெரும்பங்கு கான்கிரீட்டின் மேல்பரப்பிலேயே தெறித்துவிடும். ஆக, மாடிக்கும் கீழுக்குமாக வைக்கும்போது நேர் கீழே இருக்கும் அறைதான் நல்லது. குறுக்கே இருக்கும் அறை மோசம்.

அதோடு என் கோடு இன்னொன்றையும் தொட்டது: குழந்தை அறையில் இருந்த இரும்பு பீரோ. கேமராவை அதன் பக்கத்திலேயே, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த மேஜையில் வைத்திருந்தோம். சமையலறைப் பக்கம் போகவேண்டிய சிக்னல் பீரோவில் முட்டி நின்றது. செங்கல் சுவர் சிக்னலை மெலிய வைக்கும். இரும்புத் தகடு அப்படியே நிறுத்திவிடும். உங்கள் கோட்டில் பீரோ, ஃப்ரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, ஓடு ஒட்டிய குளியலறைச் சுவர் ஏதாவது வந்தால் அதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். மரக்கதவை விட்டுவிடுங்கள், அதனால் பெரிய நஷ்டமில்லை.

தீர்வு, பீரோவை நகர்த்துவது அல்ல. கேமராவைப் பீரோவின் நிழலிலிருந்து வெளியே எடுத்து, ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஐந்தடி உயரத்தில் ஸ்டாண்டு அடித்து மாட்டினோம். அங்கிருந்து சிக்னல் ஜன்னல் வழியே வெளியேறி, சமையலறை ஜன்னல் வழியே உள்ளே வர ஒரு பாதை கிடைத்தது. ஒரு கோடு மூன்றானது. ஸ்டாண்டு, திருகு, நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர் எல்லாம் சேர்த்து எனக்கு 480 ரூபாய்.

இடம் மாற்றும்போது ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். கேமராவும் அதன் ஒயரும் தொட்டிலிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி இருக்கவேண்டும். ஒயர் குழந்தையின் கழுத்தில் சுற்றி உயிர் போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. சிக்னலுக்காகத் தொட்டிலின் கம்பியில் மாட்டாதீர்கள். (தூளியில் போடுபவர்களுக்கு: கேமராவை எங்கே வைத்தாலும் துணிதான் தெரியும். உங்களுக்கு ஒலி மட்டும் வரும் மலிவான மானிட்டரே போதும்.)

திரையில் ஆன்டெனா இருந்தால் நிமிர்த்தி வையுங்கள். அதன் நுனி நீளும் திசையில்தான் சிக்னல் மிக மெலிவு. ஆகவே நேர் மேலே இருக்கும் கேமராவுக்கு மட்டும் ஆன்டெனாவைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள்.

6. இடைஞ்சலைத் திரையின் பக்கம் தேடுங்கள்

எல்லோரும் செய்யும் தவறு, குழந்தையின் அறைக்குப் போய் என்ன ஓடுகிறது என்று பார்ப்பது. நானும் மேலே இருந்த மின்விசிறி ரெகுலேட்டரை மாற்றினேன்; பலன் பூஜ்யம். படத்தை அனுப்புவது கேமரா, கேட்பது திரை. சந்தைச் சத்தத்தில் தொல்லை பேசுகிறவனுக்கு அல்ல, கேட்கிறவனுக்குத்தான். திரை இருக்கும் இடத்தைச் சுற்றி ஓரிரு மீட்டருக்குள் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

சமையலறையில் குற்றவாளி மைக்ரோவேவ். ஒரு கப் தண்ணீர் வைத்து இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். ஓடும்போது மட்டும் படம் உறைந்து, நின்றதும் சரியானால் சந்தேகமே வேண்டாம். மைக்ரோவேவ் வேலை செய்வதும் சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான். அது பல நூறு வாட், மானிட்டரின் கேமரா பெரும்பாலும் 0.1 வாட்டுக்குள். கதவோரத்தில் கசியும் துளியே போதும், திரையின் காதை அடைக்க. உங்கள் மைக்ரோவேவ் பழுது என்று பயப்படாதீர்கள். பாதுகாப்பு வரம்புக்குள் இருக்கும் கசிவே இதைச் செய்யும். நான் திரையை மைக்ரோவேவ் பக்கத்து மேடையிலிருந்து எடுத்து எதிர்மூலை ஜன்னல் திட்டில் வைத்தேன். எட்டடி வித்தியாசம். இப்போது பால் சூடாகும்போதும் படம் நிற்பதில்லை.

கணவரின் அறைப் புதிர் இன்னும் நாள் பிடித்தது. மதியம் மட்டும் ஏன் பூஜ்யம்? மதியம் அவர் மடிக்கணினியில் வெளி ஹார்டு டிஸ்கைச் செருகி பேக்கப் எடுப்பார். திரை அதன் பக்கத்திலேயே இருக்கும். யுஎஸ்பி 3 ஒயர்களும் செருகுமுனைகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடும். இதைப் பற்றி இன்டெல் நிறுவனம் 2012-இலேயே ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. வயர்லெஸ் மவுஸ் சில சமயம் திக்கித் திணறுவதும் இதனால்தான். டிஸ்கைப் பிடுங்கியதும் திரையில் மூன்று கோடு வந்தது. திரையை மேஜையின் மறுமுனைக்கு, மூன்றடி தள்ளி வைத்தோம். செலவு ஒன்றும் இல்லை.

உங்கள் வீட்டில் இரண்டும் இல்லையென்றால், திரை இருக்கும் அறையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அணைத்து இரண்டிரண்டு நிமிடம் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை அணைக்காதீர்கள், எது காரணம் என்று தெரியாமல் போகும். செல்போனில் வைஃபை அளக்கும் செயலியைப் போட்டு "ஒன்றும் தெரியவில்லையே" என்று நம்பிவிடவும் வேண்டாம். அது வைஃபை ரௌட்டர்களை மட்டும் காட்டும். மைக்ரோவேவும் ஹார்டு டிஸ்கும் அதன் கண்ணில் படாது.

7. ரௌட்டரில் ஒரே ஒரு மாற்றம்

இரவில் எல்லோரும் வீட்டிலிருந்து வீடியோ பார்க்கும்போது மட்டும் அறுந்தால் இது உங்களுக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் மொத்த அகலமே சுமார் 83 மெகாஹெர்ட்ஸ். ரௌட்டர் 40 அகலத்தில் ஓடினால் பாதிச் சாலை போய்விட்டது. மானிட்டர் அலைவரிசையை மாற்றி மாற்றித் தாவிக்கொண்டே இருக்கும். தாவ இடம் வேண்டும்.

ரௌட்டரின் அடியில் எழுதியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் `192.168.1.1`) பிரவுசரில் தட்டி உள்ளே போங்கள். 2.4 பகுதியில் இப்படி வையுங்கள்:

```
Channel Width: 20 MHz
Channel: 1
```

எண் 1-இல் சரிவரவில்லையென்றால் 11. அப்புறம் டிவியையும் செல்போன்களையும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயருக்கு மாற்றிவிடுங்கள். ரௌட்டருக்கும் திரைக்கும் குறைந்தது ஆறடி இடைவெளி இருக்கட்டும். அடுக்குமாடியில் பக்கத்து வீடுகளின் ரௌட்டர்களை நாம் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே இந்த மாற்றத்தால் கிடைக்கும் பலன் குறைவுதான்.

8. ரௌட்டர் வழி மானிட்டர் என்றால்

இதில் இரண்டு தாவல்: கேமராவிலிருந்து ரௌட்டருக்கு, ரௌட்டரிலிருந்து போனுக்கு. எது அறுகிறது என்று தெரிய, படம் நின்ற அறையில் போனின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். டேட்டாவில் படம் வந்தால் கேமரா பக்கம் சரி, அந்த அறைக்கு ரௌட்டர் எட்டவில்லை. டேட்டாவிலும் வராவிட்டால் கேமராவுக்கும் ரௌட்டருக்கும் நடுவில்தான் சிக்கல். (இணையம் வழியாகப் பார்க்க விடாத செயலி என்றால் இந்தச் சோதனை செல்லாது.) இங்கே செல்போனில் வைஃபை அளக்கும் செயலி காட்டும் அளவு உதவும்: கேமரா இருக்கும் இடத்தில் -65 dBm அளவில் இருந்தால் நிம்மதி, -80-க்குப் போனால் வீடியோ ஒழுங்காக ஓடாது. ஷோகேஸுக்குள் டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் ரௌட்டரை வெளியே எடுத்தாலே பலருக்கு வேலை முடிந்துவிடும். அதுவும் போதாதபோதுதான் இரண்டாவது ரௌட்டருக்குச் செலவு செய்யவேண்டும்.

9. எதுவும் பலிக்கவில்லையென்றால்

ஒரே அறையில், நடுவில் எதுவுமே இல்லாமல் பத்தடி தூரத்தில் கேமராவையும் திரையையும் வைத்து அரை மணி நேரம் பாருங்கள். அங்கேயும் அறுந்தால் அது கருவியின் கோளாறு. தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம். அங்கே ஓடி, சமையலறையில் மட்டும் அறுந்தால் சர்வீஸ் சென்டரில் "ரேஞ்ச் அவ்வளவுதான்" என்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். வாரண்டியில் ஒன்றும் நடக்கவில்லை. அப்படியானால் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் பணத்தைத் திரும்ப வாங்கி, வீட்டில் வைஃபை எல்லா அறைக்கும் எட்டுகிறதென்றால் ரௌட்டர் வகைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

திருப்பிக் கேட்கும்போது மூன்று விஷயம் கையில் இருக்கட்டும்: பில், சீரியல் எண் தெரியும் படம், அந்தப் பத்தடிச் சோதனையின் வீடியோ. வீடியோவில் கேமரா, திரை இரண்டும் ஒரே பார்வையில் தெரியவேண்டும், பக்கத்தில் ஒரு கடிகாரமும் இருக்கட்டும். தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள். எழுத்தில் புகார் செய்து எண் வாங்குங்கள். கெடுவுக்குள் புகார் செய்தும் அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அந்தப் புகார் எண்ணையும் பில் தேதியையும்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.